நுரையீரல் செய்தி சிறுநீரக ரிப்போர்ட்டில்

(திருநீர்மலையில் மூத்தோரும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனை ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். நோயைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. தாளைப் பற்றிப் பேசலாம். வீட்டில் பீரோவுக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ ஒரு ஜவுளிக்கடைப் பையில் கிடக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை எப்படி ஒரே தாளில் அடக்குவது, டாக்டர் கேட்ட மாத்திரத்தில் எப்படி எடுத்து நீட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு. அதிலும் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வந்திருக்கிறேன். ஸ்கேனின் பெயர் ஒன்றாக இருக்கும். அதில் கண்டது உடம்பின் வேறு பகுதியில் இருக்கும். பெயரைப் பார்த்து அடுக்கினால், கண்டது தொலைந்துவிடும்.

ஒரு பையை எடுத்துக்கொள்வோம். இது தனி ஒருவருடைய பை இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களின் பைகளில் வழக்கமாக இருப்பவற்றைச் சேர்த்து, விளக்குவதற்காக நானே அமைத்துக்கொண்டது. தேதிகளும் அளவுகளும் அப்படித்தான்.

பைக்குச் சொந்தக்காரர் 64 வயதுக்காரர். நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் காசநோய் வந்து தாம்பரம் சானடோரியத்தில் மருந்து சாப்பிட்டுக் குணமானவர். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கி, 1937-ல் அரசு ஏற்றுக்கொண்ட அந்த மருத்துவமனை நமக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே சிகிச்சை பெற்றவர்கள் நம் தெருக்களில் நிறையப் பேர். நோய் போனாலும் பல சமயம் நுரையீரலில் தழும்பு தங்கிவிடும். மார்பைப் படம் எடுத்தால் அந்தத் தழும்பு தெரியும். இதை நினைவில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

2024 ஜூனில் அவருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை செய்ய நாள் பார்க்கிறார்கள். அதற்கு முன் வழக்கமாக எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே ஒரு நிழல். சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். வலது நுரையீரலின் கீழ் மடலில் 9 மி.மீ. அளவில் ஒரு திடமான முடிச்சு என்று ரிப்போர்ட் வருகிறது. நோட்யூல் என்று எழுதியிருப்பார்கள். மேல் மடலில் பழைய தழும்பு இருப்பதையும் எழுதிவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய படம் எதுவும் இல்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

மருமகள்தான் கூட வந்திருக்கிறார். டாக்டர் கேட்கிறார்: “மாமாவுக்கு இதுக்கு முன்னாடி எப்பவாவது நெஞ்சுல சிடி எடுத்திருக்கீங்களாம்மா?”

“இல்லீங்க டாக்டர். நெஞ்சுல எடுத்ததே இல்ல. கல்லுக்கு வயித்துலதான் ஒரு தடவை எடுத்தோம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு பேச்சு நின்றுவிட்டால் அடுத்து வருவது வேறு பாதை. நுரையீரல் முடிச்சுகளை எப்படித் தொடர்ந்து கவனிப்பது என்று ஃபிளைஷ்னர் சொசைட்டி என்ற அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியை உலகில் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். அதன்படி, திடமான ஒற்றை முடிச்சு 6 மி.மீ.க்குக் கீழே என்றால், ஆபத்துக் காரணங்கள் குறைந்தவருக்குப் பெரும்பாலும் மறு ஸ்கேனே தேவையில்லை. 6 முதல் 8 மி.மீ. வரை என்றால் 6 முதல் 12 மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். 8-ஐத் தாண்டினால் 3 மாதத்தில் மறு ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன், அல்லது ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்ப்பது என்று மருத்துவர் யோசிக்க வேண்டும். நம்மவருக்கு 9. ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கும் 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. காசநோய்த் தழும்பும் அதன் கட்டிகளும் நிறைந்த நம் நாட்டில் இதை அப்படியே வைத்து முடிவெடுக்கவும் மாட்டார்கள். எப்படியிருந்தாலும் டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது, இது புதிதா பழையதா என்பதுதான். திடமான முடிச்சு இரண்டு ஆண்டு வளராமல் அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் தீங்கற்றது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது பைக்கு வருவோம். அதில் 2020 பிப்ரவரியில் எடுத்த ஒரு சிடி ஸ்கேன் இருக்கிறது. மேலே கே.யு.பி. என்று தலைப்பு. சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை மூன்றுக்கும் சேர்த்து எடுக்கும் படம் அது. கடைசியில் இம்ப்ரெஷன் என்ற தலைப்பின் கீழ், இடது சிறுநீர்க்குழாயில் 5 மி.மீ. கல் என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்தக் கல் அந்த வாரமே தண்ணீரோடு வெளியேறிவிட்டது. ரிப்போர்ட்டும் பைக்குள் போய்விட்டது.

ஆனால் இம்ப்ரெஷனுக்கு மேலே, முதல் பக்கத்தின் கீழ்க்கோடியில், கல்லீரல் சரி, பித்தப்பை சரி, மண்ணீரல் சரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்து கடைசியாக ஒரு வரி: படத்தில் தெரியும் நுரையீரல் அடிப்பகுதியில், வலப்பக்கம் 8 மி.மீ. முடிச்சு.

வயிற்று ஸ்கேனில் நுரையீரல் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கல்லீரலும் சிறுநீரகங்களும் விலா எலும்புக் கூட்டுக்குள்ளேயே ஏறி இருக்கின்றன. அவற்றை முழுசாகப் படம் பிடிக்க வேண்டுமானால் உதரவிதானத்துக்கு மேலிருந்தே தொடங்க வேண்டும். அப்போது நுரையீரலின் அடிப்பகுதி தானாகவே படத்துக்குள் வந்துவிடும். இதேபோல, மார்பு சிடியில் கல்லீரலின் மேற்பகுதியும் அட்ரீனல் சுரப்பிகளும் வரும், தைராய்டின் கீழ்ப்பகுதி வரும். கழுத்து சிடியில் நுரையீரலின் உச்சி வரும். காசநோய்த் தழும்பு அதிகமாகத் தங்கும் இடமே அந்த உச்சிதான். இடுப்பு முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் சிறுநீரகத்தின் ஓரமும், பெண்களுக்குக் கர்ப்பப்பையும் கண்ணில் படும். படம் பார்க்கும் மருத்துவர் கண்ணில் பட்டதை எழுதிவிடுவார். எழுதியது தலைப்பில் வராது. பல சமயம் இம்ப்ரெஷனிலும் வராது.

ஆகவே எல்லா ரிப்போர்ட்டுகளையும் அடக்கும் அந்த ஒரே தாளை, அதாவது முகப்புத் தாளை, எழுதும்போது நான் முதலில் சொல்வது இதுதான். ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரு வரி என்று கணக்கு வைக்காதீர்கள். கண்டது ஒவ்வொன்றும் அது இருக்கும் உடற்பகுதியின் கீழே தனி வரியாகப் போகட்டும். அந்த 2020 ரிப்போர்ட் ஒன்றுதான், ஆனால் அதற்கு இரண்டு வரி வேண்டும். வயிறு என்ற தலைப்பின் கீழ் கல்லுக்கு ஒன்று, மார்பு என்ற தலைப்பின் கீழ் முடிச்சுக்கு ஒன்று. ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கவருக்கும் ஓர் எண் போட்டு அப்படி எழுதினால், அவருடைய தாளில் மார்புப் பகுதி இப்படி இருக்கும்:

மார்பு
10-6-2024 | சிடி, மார்பு | வலது கீழ் மடலில் 9 மி.மீ. திட முடிச்சு, வலது மேல் மடலில் பழைய தழும்பு | கவர் 9, குறுந்தகடு உண்டு
3-6-2024 | எக்ஸ்ரே, மார்பு | வலது கீழ்ப்பகுதியில் நிழல். சிடி எடுக்கப் பரிந்துரை | கவர் 8, ஃபிலிம்
18-2-2020 | சிடி, கே.யு.பி. | வலது நுரையீரல் அடியில் 8 மி.மீ. முடிச்சு | கவர் 5, குறுந்தகடு உண்டு
7-9-2016 | எக்ஸ்ரே, மார்பு | வலது மேல்பகுதியில் தழும்பு. மற்றபடி தெளிவு | கவர் 2, ஃபிலிம்

நான்கே வரி. டாக்டர் கண் மேலிருந்து கீழே இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்றாவது வரியில் அவர் நிறுத்துவார், கவர் 5-ல் உள்ள குறுந்தகட்டைக் கேட்பார்.

குறுந்தகடு ஏன் என்றால், ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் வைத்து எவரும் முடிவு சொல்வதில்லை. 2020-ல் 8, 2024-ல் 9 என்றால் வளர்ந்துவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். இரண்டு பேர் இரண்டு கருவியில் அளந்தால் ஒரு மி.மீ. வித்தியாசம் சாதாரணம். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால்தான் வளர்ச்சி என்று அந்த வழிகாட்டி கொள்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. உருண்டையான ஒன்றின் குறுக்களவு கால் பங்கு கூடினால், அதன் கன அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். 8 மி.மீ. 10 ஆனாலே உள்ளே இருப்பது இருமடங்கு. அதனால் மில்லிமீட்டர் ஒவ்வொன்றும் பெறுமானம் உள்ளது. அதே காரணத்தால்தான் அளந்த முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். படம் பார்க்கும் மருத்துவர் இரண்டு ஸ்கேனையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைத்து, அதே இடம்தானா என்று பார்த்து, ஒரே மாதிரி அளப்பார். நம் உதாரணத்தில் அவருக்கு இரண்டிலும் ஒரே அளவு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு வருஷத்துக்கு மேல் அசையாத முடிச்சு என்றால், ஊசி போடுவதா வேண்டாமா என்று பேசுவதற்கு டாக்டர் கையில் உறுதியான ஆதாரம் வந்துவிட்டது. முடிவு அவருடையது. ஆதாரம் நம் பையில் இருந்தது.

அந்தக் கடைசி வரி, 2016 எக்ஸ்ரே, “மற்றபடி தெளிவு” என்கிறதே, அப்படியானால் 2016-ல் முடிச்சு இல்லை என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. 8 மி.மீ. அளவுள்ளது எக்ஸ்ரேயில் விலா எலும்புக்குப் பின்னாலோ இதயத்தின் நிழலிலோ மறைந்துவிடும். இதனால்தான் எந்த வகைப் படம் என்பதை ஒவ்வொரு வரியிலும் எழுதச் சொல்கிறேன். எக்ஸ்ரே இல்லை என்று சொன்னதும் சிடி இல்லை என்று சொன்னதும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஆனாலும் “தெளிவு”, “நார்மல்” என்று வந்த ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். பிற்பாடு ஏதாவது தெரியவந்தால், எந்தத் தேதி வரை அது கண்ணில் படவில்லை என்று சொல்லும் சாட்சி அதுதான்.

இனி ஒற்றை வரியை எழுதும் முறை. எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எந்த இடம், என்ன, எவ்வளவு. இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள சொல்லையே எழுதுங்கள். “முடிச்சு” என்று போட்டிருப்பதை நாம் “கட்டி” என்று மாற்றிவிட்டால், அடுத்த வருடம் அதைப் படிப்பவர் வேறொன்றை நினைப்பார். “இருக்கலாம்”, “மறுக்க முடியாது” என்று ரிப்போர்ட் தயங்கியிருந்தால் அந்தத் தயக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். அளவை எழுதும்போது கூடவே அலகையும் எழுதுங்கள். ஒரு சென்டரில் 1.4 செ.மீ. என்பார்கள், இன்னொன்றில் 14 மி.மீ. என்பார்கள். அவசரத்தில் 1.4-ஐயும் 14-ஐயும் பார்த்து ஒரு குடும்பம் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கும்.

சில ரிப்போர்ட்டுகளில் மேலே விவரத்தில் வலது என்றும் கீழே இம்ப்ரெஷனில் இடது என்றும் இருக்கும். தட்டச்சில் நேர்வது. எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, எடுத்த இடத்திலேயே போய்க் கேளுங்கள். படத்தைத் திரும்பப் பார்த்துத் திருத்திய ரிப்போர்ட் தருவார்கள். கல் எந்தச் சிறுநீரகத்தில் என்பது கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம்.

தேதியில் ஒரு குழி இருக்கிறது. ரிப்போர்ட் தாளில் இரண்டு மூன்று தேதி இருக்கும். பதிவு செய்த நாள், படம் எடுத்த நாள், ரிப்போர்ட் அச்சடித்த நாள். நகல் கேட்டு வாங்கினால் நகல் எடுத்த நாளும் சேரும். நமக்கு வேண்டியது படம் எடுத்த நாள் மட்டும். ஃபிலிமின் மூலையில் அது பதிந்திருக்கும். சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள். சில மென்பொருளில் மாதத்தை முதலில் போடுவார்கள். 03/04/2021 என்றால் ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று புரியாது. கைப்பேசியில் படம் பிடித்துச் சேமிப்பவர்கள் ஆண்டை முன்னால் வைத்துப் பெயர் கொடுங்கள்: `2020-02-18_CT-KUB.pdf` என்பது போல. அப்படிக் கொடுத்தால் கைப்பேசி தானே தேதி வரிசையில் அடுக்கிவிடும்.

பெயரையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் ஒரு தாளில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் இல்லவே இல்லை. அப்பாவும் மகனும் ஒரே பையில் ரிப்போர்ட் போட்டு வைத்திருப்பார்கள். கணவன் மனைவி தாள்கள் கலந்திருக்கும். எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு தாளிலும் பெயர், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் பார்த்து, பிறருடையதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். வயது அந்தந்த வருடத்துக்குப் பொருந்துகிறதா என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

உடற்பகுதித் தலைப்புகள் ஏழு போதும்: தலை, கழுத்து, மார்பு, இதயம், வயிறும் இடுப்புக்குழியும், முதுகெலும்பு, கை கால். எக்கோவை இதயத்தின் கீழ் வையுங்கள். பெட் ஸ்கேன் உடம்பு முழுக்கப் பார்ப்பது. அதைப் பிரித்து அந்தந்தப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் புதியது மேலே வரட்டும். டாக்டர்கள் அப்படித்தான் தேடுவார்கள்.

நோயாளியின் தாள்கள் சிதறுவது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் உள்ள மேயோ கிளினிக்கில் நூறு ஆண்டுகளுக்கும் முன், ஒவ்வொரு டாக்டரும் தனக்கென ஒரு பேரேடு வைத்து அதில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரே ஆளைப் பற்றி நான்கு பேரேட்டில் நான்கு குறிப்பு. 1907-ல் ஹென்றி பிளம்மர் என்ற மருத்துவர், மேபல் ரூட் என்ற பெண்ணின் துணையோடு, நோயாளி ஒருவருக்கு ஒரு எண், ஒரு கோப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார். ஒரு கட்டடத்துக்குள் அது நடந்தது. நம் நிலைமையோ, பம்மலில் எக்ஸ்ரே, குரோம்பேட்டையில் சிடி, சென்ட்ரல் பக்கம் பெரியாஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. 2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க ஆபா எண் தருகிறார்கள். வாங்கி வையுங்கள், நல்லதுதான். அந்த எண்ணோடு இணைத்த இடங்களின் ரிப்போர்ட்டுகள் அதில் வந்து சேரும். பத்து வருடம் முந்தைய காகிதம் தானாக வராது. வந்து சேர்ந்த ரிப்போர்ட்டுக்குள்ளும், கடைசி வரியில் இருக்கும் முடிச்சை மார்புக்குக் கீழே எடுத்து எழுத ஓர் ஆள் வேண்டும்.

மருத்துவமனையிலேயே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: கேட்கலாம், அது உங்கள் உரிமை. 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்கு விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்த 3 ஆண்டைக் கவனியுங்கள். நம் உதாரணத்தில் 2020-ல் எடுத்த படத்தை 2024-ல் தேடினோம். அதுவும் அவர் உள்நோயாளியாகச் சேரவில்லை. வெளியே ஒரு சென்டரில் எடுத்துக்கொண்டு போனவர். அந்தப் படம் இன்னும் எங்காவது இருக்குமானால் அது அவருடைய பையில்தான்.

பைக்கும் ஆபத்து உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது முடிச்சூர், அனகாபுத்தூர்ப் பக்கம் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்ததை இங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நனைந்த ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அல்ட்ராசவுண்டு படங்களை வழவழப்பான வெப்பத்தாளில் அச்சடித்துத் தருகிறார்கள். அது வெயிலும் சூடும் பட்டால் மங்கிப்போகும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தால், அந்தச் சூட்டிலேயே முழுக்கக் கறுத்துவிடும். லேமினேஷன் வேண்டாம். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். குறுந்தகட்டை இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் போடவே இடமில்லை. தெரிந்த கடையில் கொடுத்து, அதிலுள்ள கோப்புகள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் ஒரு பென் டிரைவுக்கு மாற்றி வாங்குங்கள். ஒன்றிரண்டு படத்தை மட்டும் எடுத்தால் அளக்க உதவாது.

இந்தத் தாளுக்கு எல்லை உண்டு. ரிப்போர்ட்டில் எழுதாததைத் தாள் காட்டாது. 2020-ல் படம் பார்த்தவர் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால், மூன்றாவது வரி தாளில் இருந்திருக்காது. முடிச்சு மட்டும் படத்துக்குள் இருந்திருக்கும். ஆகவே வயிற்று ஸ்கேன் எதை எடுத்திருந்தாலும், நுரையீரலைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்றாலும், மார்புத் தலைப்பின் கீழே “அடிப்பகுதி படத்தில் இருக்கக்கூடும், ரிப்போர்ட்டில் குறிப்பு இல்லை” என்று ஒரு வரி எழுதி, குறுந்தகடு எந்தக் கவரில் என்று குறித்துவிடுங்கள். முதலில் எடுத்தவர்கள் கல்லைத் தேடினார்கள். முடிச்சு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, எங்கே பார்ப்பது என்று இரண்டாவது மருத்துவருக்குத் தெரியும். சிடியை எத்தனை மி.மீ. கனமுள்ள துண்டுகளாக எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துச் சின்ன முடிச்சு தெரியாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அதையும் அவர்தான் எடைபோட வேண்டும்.

வீட்டில் வயதானவர்கள் இருக்கும் ஒவ்வொருவரும், வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைத் தரையில் கொட்டி உட்காருங்கள். இம்ப்ரெஷனோடு நிறுத்தாமல் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் முதல் வரியிலிருந்து படியுங்கள். ஆங்கிலம் படிக்கும் பேரப்பிள்ளையைக் கூட உட்கார வையுங்கள். அடுத்த தடவை ஸ்கேன் எடுக்கப் போகும்போது, குறுந்தகடு வேண்டும் என்று பணம் கட்டும்போதே சொல்லிவிடுங்கள். பழைய குறுந்தகட்டையும் முகப்புத் தாளையும் படம் எடுப்பதற்கு முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.